சுவர் நிறம் பற்றிய குறைக்குப் பின், திருத்திய படுக்கையறை ரெண்டரோடு போக வேண்டிய மெயில்

கேள்வி: படுக்கையறைக்கு முதல் ரெண்டர் அனுப்பினேன். "நாம பேசின சேஜ் பச்சை மாதிரி இல்லையே, ஆஸ்பத்திரி மாதிரி குளிர்ச்சியா இருக்கு, கட்டில் ஹெட்போர்டு மட்டும் ஆரஞ்சா அடிக்குது" என்று வீட்டுக்கார அம்மா பதில் போட்டிருக்கிறார். நான் போட்டது அவர் தேர்ந்தெடுத்த அதே ஷேட் எண்தான். ரெண்டரைத் திருத்தி அனுப்பும்போது மெயிலில் என்ன எழுதுவது?

பதில்:

மெயிலைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் மெயிலில் எழுத உண்மையான விஷயம் எதுவும் கையில் இருக்காது.

அந்த அம்மா சொன்னது தன் கண்ணுக்குத் தெரிந்ததை. பெயிண்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ஷேட் எண்ணுக்கும் அவர் கண்ணுக்கும் நடுவே நான்கு விஷயங்கள் நிற்கின்றன: காட்சிக்குள் நீங்கள் வைத்த வெளிச்சம், சுவரை ஒட்டி நிற்கும் மற்ற நிறங்கள், படத்தை முடிக்கும்போது மென்பொருள் செய்கிற டோன் மேப்பிங், அவர் பார்த்த திரை. இந்த நான்கில் எது சேஜை ஆஸ்பத்திரிப் பச்சையாக்கியது என்று தெரிந்துகொள்ளாமல் எழுதினால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, "சரி, மாற்றிவிடுகிறேன்" என்று வேறு ஷேட் எண்ணைப் போட்டு அனுப்புவீர்கள். வெளிச்சத்தின் கோளாறை ஈடுகட்ட நீங்கள் மஞ்சளைக் கூட்டிய அந்த ஷேட், உண்மையான சுவரில் அடித்ததும் பாசி நிறத்தில் வந்து நிற்கும். இல்லையென்றால், "நம்பர் அதேதான், உங்கள் மொபைல் திரை அப்படிக் காட்டுகிறது" என்று எழுதுவீர்கள். அது பாதி உண்மையாகவே இருந்தாலும், அதைப் படித்தபின் அவர் அடுத்த குறையை உங்களிடம் சொல்ல மாட்டார். பெயிண்ட் அடித்து முடித்த பிறகுதான் சொல்வார்.

உங்கள் படம் என் முன்னால் இல்லை. ஷேட் கார்டு எது என்றும் தெரியாது. அதனால் ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், அதே முறையில் உங்கள் படத்தையும் சோதித்துப் பாருங்கள். சுவர் நிறம் NCS S 3010-G30Y என்று வைத்துக்கொள்வோம். இந்தக் குறியீட்டில் 30 என்பது கருமையின் அளவு, 10 என்பது நிறத்தின் அடர்த்தி, G30Y என்பது 30 விழுக்காடு மஞ்சள் பக்கம் சாய்ந்த பச்சை. சேஜ் என்று மக்கள் சொல்லும் நிறங்கள் பலவும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். நிறம் 10 மட்டுமே என்பதைக் கவனியுங்கள். இவ்வளவு மெல்லிய நிறத்தில் மஞ்சள் கொஞ்சம் கரைந்து போனாலும் அதன் குணமே மாறிவிடும். அடர்த்தியான பச்சை என்றால் இந்தச் சிக்கல் இவ்வளவு தெரியாது. மெல்லிய நிறங்களுக்குத்தான் வெளிச்சம் எஜமான்.

மெட்டீரியலில் நீங்கள் இட்ட மதிப்பு சிவப்பு 166, பச்சை 172, நீலம் 150 என்று கொள்வோம். சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே 16 இடைவெளி. அந்த இடைவெளிதான் சேஜின் இளஞ்சூடு. இப்போது அனுப்பிய படத்தைத் திறந்து, நிறமெடுக்கும் கருவியால் கூரையின் நடுவில், பச்சைச் சுவரிலிருந்து தள்ளி ஓரிடத்தைத் தொடுங்கள். கூரைக்கு நீங்கள் கொடுத்தது சாயமில்லாத வெள்ளை. ஆகவே மூன்று எண்களும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். 214, 222, 233 என்று வந்தால் காட்சி முழுவதும் நீல ஒளியில் நனைந்திருக்கிறது என்று பொருள். அந்த ஒளி சுவரில் விழும்போது சுவரின் நிறம் கிட்டத்தட்ட 153, 165, 151 ஆகிறது. இடைவெளி 16-லிருந்து 2-க்கு இறங்கிவிட்டது. மஞ்சள் போய்விட்டது, எஞ்சியது சோகையான பச்சை. அந்த அம்மா "ஆஸ்பத்திரி" என்று சொன்னது இதைத்தான், மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

நீலம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஜன்னலுக்கு வெளியே வைத்த வானத்திலிருந்து. நேரடி நண்பகல் வெயிலின் நிற வெப்பநிலை ஏறக்குறைய 5,500 கெல்வின். வெயில் படாமல் வானம் மட்டும் ஒளி தரும்போது அது 7,000-ஐத் தாண்டும், தெளிந்த நீல வானம் என்றால் அதற்கும் மேலே. உண்மையான அறையில் நிற்கும்போது நம் கண் சில நிமிடங்களில் அதற்குப் பழகி, வெள்ளையை வெள்ளையாகவே பார்க்கும். படத்தைப் பார்க்கிறவரின் கண் அவர் உட்கார்ந்திருக்கும் அறையின் வெளிச்சத்துக்குப் பழகியிருக்கிறதே தவிர, உங்கள் ரெண்டருக்குள் இருக்கும் வெளிச்சத்துக்கு அல்ல. அந்த வேலையை ரெண்டரில் கேமராவின் ஒயிட் பேலன்ஸ்தான் செய்ய வேண்டும். வானத்தைப் போட்டுவிட்டு ஒயிட் பேலன்ஸை 6,500-இல் அப்படியே விட்டால், படம் நீலம் பாய்ந்துதான் வரும்.

ஹெட்போர்டு ஆரஞ்சாக அடிப்பதும் பெரும்பாலும் இதே கதையின் மறுபக்கம்தான். மரத்தின் மேலும் அதே நீல ஒளிதான் விழுகிறது, எண்களைப் பார்த்தால் மரமும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். ஆனால் கண் எண்களைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. குளிர்ந்த சுவரின் நடுவே சூடான மரம் ஒன்று நின்றால், சுவர் இன்னும் குளிர்ந்தும் மரம் இன்னும் சூடாகவும் தெரியும். பிரான்சின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் செவ்ரல் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டு எழுதினார். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பைக் கெடுத்தன. ஆகவே ஹெட்போர்டின் வெனீரைத் தொடாதீர்கள். முதலில் வெளிச்சத்தைத் திருத்துங்கள். சுவர் இளஞ்சூடு அடைந்ததும் மரம் தானாக அடங்குகிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் சொல்ல முடியாது.

டோன் மேப்பிங்கைப் பற்றிச் சுருக்கமாக. வெளிச்சமான இடங்களில் நிறத்தை வெளுக்கவைக்கும் இயல்பு அதற்கு உண்டு. பிளெண்டர் 4.0-இலிருந்து இயல்பாக வரும் `AgX` அப்படிப்பட்டது. சாய்வு எந்தப் பக்கமும் இல்லாமல் எல்லா நிறமும் ஒரே மாதிரி வெளிறித் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஒரே காட்சியை `Standard`-இல் ஒருமுறை பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். கொரோனா, வி-ரே போன்ற ரெண்டர் மென்பொருள்களிலும் ஹைலைட்டை அடக்கும் அமைப்புகளுக்கு இதே குணம் உண்டு.

அவசரத்தில் பலரும் செய்யும் குறுக்குவழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுவரை மட்டும் மாஸ்க்கால் தேர்ந்தெடுத்து, முடிந்த படத்திலேயே நிறத்தை மாற்றிவிடுவது. இரண்டு நிமிட வேலைதான். ஆனால் சுவரில் பட்டுத் தெறித்த ஒளி கூரையிலும் படுக்கை விரிப்பிலும் தரையிலும் ஏற்கெனவே விழுந்து படிந்திருக்கிறது. சுவரை மாற்றினாலும் அந்தப் பழைய சாயம் அங்கேயே இருக்கும். வீட்டுக்காரருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, "என்னமோ ஒட்டவைத்த மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்வார். பெயிண்டை மாற்றினால் மறுபடி முழுதாக ரெண்டர் செய்யுங்கள். படுக்கையறை ஒன்றுக்கு அது தாங்கமுடியாத நேரம் இல்லை.

இனி, மெயிலோடு போக வேண்டிய படங்கள். மூன்று போதும். முதலாவது, அதே ஷேட், வெளிச்சம் மட்டும் திருத்தியது. இரண்டாவது, முதலாவதின் அதே வெளிச்சம், ஷேட் மட்டும் ஒரு படி நிறம் கூடியது, அதாவது S 3020-G30Y. கருமையும் பச்சையின் சாய்வும் மாறவில்லை, அடர்த்தி மட்டும் 10-லிருந்து 20 ஆகிறது. மூன்றாவது, முதலாவதே இரவில், படுக்கை விளக்குகள் எரியும்போது. படுக்கையறையை மக்கள் அதிக நேரம் விழித்தபடி பார்ப்பது விளக்கு வெளிச்சத்தில்தான். பகல் படம் மட்டும் அனுப்பும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

மூன்றிலும் கேமரா அசையக் கூடாது. தலையணையின் மடிப்புக்கூட மாறக் கூடாது. கோணம் கொஞ்சம் மாறினாலும் பார்ப்பவர் கண் நிறத்தை விட்டுவிட்டு அதைத் தேடும். ஐந்தாறு நிறங்களைத் தெரிவாக அனுப்பும் ஆசையையும் அடக்குங்கள். அவர் ஒரு குறை சொன்னார், புதிய ஷேட் கார்டு கேட்கவில்லை. படங்களை sRGB-இல் சேமியுங்கள், அந்தக் குறிப்பு கோப்புக்குள் பதிந்திருக்கட்டும். அகன்ற நிற எல்லை கொண்ட திரையில் வேலை செய்துவிட்டு அந்தக் குறிப்பு இல்லாமல் அனுப்பினால், வேறு திரையில் நிறம் தடம் மாறும்.

திருத்திய படத்தையும் அனுப்பும் முன் அதே கருவியால் தொட்டுப் பாருங்கள். நம் மாதிரிக் கணக்கில் கூரை 224, 223, 220 என்று வந்தால் சுவர் ஏறக்குறைய 161, 166, 143 ஆக வரும். இடைவெளி 18. ஷேட் கார்டில் அவர் பார்த்த இளஞ்சூடு திரும்பி வந்துவிட்டது, ஷேட் எண்ணைத் தொடாமலேயே. இப்போதுதான் மெயிலில் எழுத உங்களிடம் ஒரு செய்தி இருக்கிறது.

அந்த மெயில் இப்படி இருக்கலாம்:

> பொருள்: பெரிய படுக்கையறை ரெண்டர், திருத்தம் 2: சுவர் நிறம் (உங்கள் முடிவு வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்)
>
> வணக்கம் மேடம்,
>
> முதல் ரெண்டரைக் கவனமாகப் பார்த்துக் கருத்துச் சொன்னதற்கு நன்றி. சுவர் குளிர்ச்சியாகத் தெரிகிறது, ஹெட்போர்டு ஆரஞ்சாக அடிக்கிறது என்று நீங்கள் சொன்ன இரண்டையும் படத்தில் சோதித்துப் பார்த்தேன். இரண்டும் இருக்கின்றன.
>
> காரணம் பெயிண்ட் இல்லை, படத்தில் நான் வைத்திருந்த வெளிச்சம். ஜன்னல் வழியே வெயில் படாத வான வெளிச்சம் மட்டும் வருவதாக அமைத்திருந்தேன். அதில் நீலம் கூடுதல். நாம் தேர்ந்தெடுத்த பச்சையில் மஞ்சள் மிகக் கொஞ்சம்தான், அதை அந்த நீலம் மறைத்துவிட்டது. சுவர் குளிர்ந்து தெரிந்ததால் பக்கத்தில் இருந்த மரம் அளவுக்கு மீறி ஆரஞ்சாகத் தெரிந்தது.
>
> இத்துடன் மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.
>
> படம் A: நீங்கள் தேர்ந்தெடுத்த அதே ஷேட் (S 3010-G30Y). வெளிச்சம் மட்டும் திருத்தியிருக்கிறேன்.
>
> படம் B: படம் A-இன் அதே வெளிச்சம். சுவர் மட்டும் அதே பச்சையில் ஒரு படி நிறம் கூடியது (S 3020-G30Y).
>
> படம் C: படம் A, இரவில், படுக்கை விளக்குகள் எரியும்போது. விளக்குகள் 3,000 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம்.
>
> ஹெட்போர்டின் வெனீர், திரைச்சீலை, விரிப்பு, தரை, கேமராவின் கோணம் எதையும் மாற்றவில்லை. படம் A-இல் ஹெட்போர்டு இப்போது சரியாகத் தெரிகிறதா என்று தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். இன்னும் உறுத்தினால் வெனீரை அடுத்த திருத்தத்தில் மாற்றிக் காட்டுகிறேன்.
>
> என் பரிந்துரை A. உங்கள் அறையில் ஒரே ஒரு ஜன்னல்தான், நான்கு சுவரிலும் இதே நிறம் வருகிறது. சுவருக்குச் சுவர் ஒளி தெறிக்கும்போது, அடித்து முடித்த நிறம் சிறு அட்டையில் பார்த்ததைவிடக் கூடுதலாகவே தெரியும். B-ஐத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு மட்டும் அடிப்பதைப் பரிந்துரைப்பேன்.
>
> படங்களைப் பார்க்கும்போது மொபைலில் இரவுப் பயன்முறை, கண் பாதுகாப்புப் பயன்முறை போன்றவற்றை அணைத்துவிட்டு, மெயிலில் இருந்தே திறந்து பாருங்கள். முடிந்தால் கம்ப்யூட்டரிலும் ஒருமுறை பாருங்கள்.
>
> பெயிண்டை இறுதி செய்வது திரையில் வேண்டாம். நீங்கள் A அல்லது B என்று சொன்னதும், அந்த ஷேட்டை இரண்டு கோட் அடித்த பெரிய அட்டை ஒன்றை உங்கள் அறைக்குக் கொண்டுவருகிறேன். பகலிலும் இரவிலும் பார்த்து நீங்கள் சம்மதித்த பிறகே பெயிண்ட் ஆர்டர் போகும்.
>
> எனக்கு வேண்டிய பதில் இரண்டு: A-ஆ, B-ஆ? ஹெட்போர்டு இப்படியே இருக்கலாமா? வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் ஹெட்போர்டுக்கான வெனீர் ஆர்டர் தள்ளிப்போகாது. சுவர் நிறத்தின் இறுதி முடிவுக்கு அவசரமில்லை, அதை அட்டையைப் பார்த்த பிறகு சொன்னால் போதும்.
>
> இந்தத் திருத்தத்தில் வெளிச்சம் என் பக்கத்து வேலை என்பதால், ஒப்பந்தத்தில் உள்ள திருத்தங்களின் எண்ணிக்கையில் இதைச் சேர்க்கவில்லை.
>
> அன்புடன்,

இதில் சில இடங்களை ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நிலைமைக்கு ஏற்ப நீங்கள் மாற்றப் போவது அந்த இடங்களைத்தான்.

"இரண்டும் இருக்கின்றன" என்ற வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். நிறம் பற்றிக் குறை சொல்கிறவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும். தனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ, ரசனை போதவில்லையோ என்று. கண்டது உண்மை என்று முதல் பத்தியிலேயே உறுதி செய்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் காரணம் சாக்காகக் கேட்காது. உங்கள் சோதனையில் கூரையின் எண்கள் சமமாக வந்து, உண்மையில் திரைதான் காரணம் என்று தெரிந்தால்? அப்போதும் "உங்கள் திரை" என்று தொடங்காதீர்கள். அவர் பார்ப்பதை மொபைலோடு சேர்த்து வேறொரு மொபைலில் படமெடுத்து அனுப்பச் சொல்வது பயனில்லை, அந்தக் கேமராவும் தன் பங்குக்கு நிறத்தை மாற்றும். அந்த நிலையில் ரெண்டரை விட்டுவிட்டு நேராக அட்டைக்குப் போய்விடுங்கள்.

எண்கள் மெயிலில் இல்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். 214, 222, 233 எல்லாம் உங்கள் வேலைக்கு. அவருக்குத் தேவையானது காரணம், அதுவும் நான்கு வரியில். டோன் மேப்பிங், ஒயிட் பேலன்ஸ் என்ற சொற்களும் வேண்டாம். ஷேட் எண் மட்டும் இருக்க வேண்டும், ஏனென்றால் அது கடைக்குப் போகிற எண். பின்னால் பெயிண்டர் கேட்கும்போது அவர் அந்த மெயிலைத்தான் தேடி எடுப்பார்.

எதை மாற்றவில்லை என்று எழுதியது, எதை மாற்றினேன் என்று எழுதியதற்குச் சமமான முக்கியம். அந்த வரி இல்லாவிட்டால், படம் A-இல் திரைச்சீலை கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறதே என்று அடுத்த மெயில் வரும். வெளிச்சம் மாறினால் திரைச்சீலையும் மாறித்தானே தெரியும். முதல் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்காக மறுபடியும் இணைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் இணைக்க மாட்டேன். தவறான வெளிச்சத்தில் இருக்கும் படம் பக்கத்தில் இருந்தால், செவ்ரல் சொன்ன அதே விளைவு இங்கேயும் நடக்கும். நீலப் படத்தின் பக்கத்தில் சரியான படம் மஞ்சள் பூத்ததுபோலத் தெரியும். ஒப்பிட வேண்டியது A-யும் B-யும்.

மெயிலில் இருந்தே திறக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. வீட்டில் மற்றவர்களிடம் காட்ட அவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதில் படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும், மெல்லிய நிறங்களில் திட்டுத் திட்டாகத் தெரியும். அவரைத் தடுக்க வேண்டியதில்லை, அவர் முடிவெடுப்பது மட்டும் நல்ல படத்தைப் பார்த்ததாக இருக்கட்டும்.

திருத்த எண்ணிக்கை பற்றிய கடைசி வரி உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. என் கருத்து தெளிவானது: ஷேட் எண் அவர் சொன்னபடி இருந்து, படம் மட்டும் அதைச் சரியாகக் காட்டவில்லை என்றால், அதைத் திருத்துவது அவர் கணக்கில் ஏறக் கூடாது. B என்ற படத்தை நீங்களாக முன்வந்து கொடுத்தீர்கள், அதையும் கணக்கிடாதீர்கள். அவர் B-ஐப் பார்த்துவிட்டு வேறு பச்சை கேட்டால், அது புதிய திருத்தம். அதை அப்போதே, அந்தப் பதிலிலேயே சொல்லிவிடுங்கள்.

அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மெயிலில் வாக்குக் கொடுத்துவிட்டதால். ரெண்டரில் நீங்கள் இட்ட எண் அந்த நிறுவனம் ஷேட்டுக்குக் கொடுத்த தோராயமான திரை மதிப்பு. உண்மைப் பெயிண்ட் வெளிச்சத்துக்கு வெளிச்சம் நடந்துகொள்ளும் விதத்தை மூன்று எண்களால் முழுதாகச் சொல்ல முடியாது. பகலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் விளக்கடியில் வேறு வேறாகத் தெரிவதும் உண்டு. மேட்டா, சாட்டினா என்பதும் படத்தில் அவ்வளவாகத் தெரியாது. சாட்டினில் ஜன்னலின் ஒளி வழுக்கி, ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் அடர்ந்தும் தெரியும். ஆகவே அட்டையில் அடிப்பது சுவரில் அடிக்கப் போகும் அதே ஃபினிஷாக இருக்க வேண்டும்.

அட்டை A3 அளவுக்குக் குறைய வேண்டாம், அதைவிடப் பெரிதானால் நல்லது. விளிம்பு வரை நிறம் போகட்டும். ஓரத்தில் வெள்ளை விட்டால் அது நிறத்தைக் கருப்பாக்கிக் காட்டும். அட்டையைக் கையில் தட்டையாகப் பிடித்துப் பார்க்கக் கூடாது. தட்டையாக இருந்தால் மேலிருந்து ஒளி வாங்கி வெளிறித் தெரியும், சுவரோ நிமிர்ந்து நிற்பது. கட்டிலின் தலைமாட்டில் சுவரோடு சாய்த்து நிறுத்தி, முடிந்தால் அதன் முன்னால் ஹெட்போர்டு வெனீரின் துண்டையும் வைத்து, வாசலில் நின்று பாருங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, விளக்கு போட்டு ஒருமுறை. ஜன்னல் சுவருக்கும் அதற்கு எதிர்ச் சுவருக்கும் ஒரே பெயிண்ட் வேறு வேறாகத் தெரியும், அட்டையை இரண்டிலும் வைத்துக் காட்டிவிடுங்கள்.

அறையில் இப்போது எரியும் விளக்கு எது என்று பார்க்கவும் மறக்காதீர்கள். 6,500 கெல்வின் வெள்ளை விளக்கு எரிந்தால், இரவில் அட்டை மறுபடி ஆஸ்பத்திரிப் பச்சையாகத் தெரியும். நீங்கள் படம் C-இல் காட்டிய 3,000 கெல்வின் விளக்கைக் கையோடு கொண்டுபோய் மாட்டிக் காட்டுங்கள். விளக்கின் நிறம் காட்டும் திறன், அதாவது CRI, 90-க்கு மேல் இருந்தால் நல்லது, மலிவான விளக்கடியில் மெல்லிய பச்சைகள் அழுக்காகத் தெரியும். அந்த அம்மாவுக்கு வெள்ளை விளக்குதான் பிடிக்கும், மாற்ற மாட்டார் என்றால் அது பெயிண்டைப் பற்றிய தகவல். அப்போது இரவில் அறையை இளஞ்சூடாக வைத்திருக்க A போதாமல் போகலாம், B பொருத்தமாக இருக்கலாம். இந்த ஒரு கேள்வியை மெயிலிலேயே கேட்டுவிடுவதும் தகும்.

பதில் எப்படி வரும் என்பதையும் யோசித்து வையுங்கள். "A நல்லா இருக்கு" என்று வந்தால் வேலை எளிது. "A-க்கும் B-க்கும் நடுவில ஒண்ணு" என்று வந்தால் நான்காவது ரெண்டர் செய்யாதீர்கள். அந்த அளவு நுண்ணிய வித்தியாசத்தைத் திரை நம்பகமாகக் காட்டாது. A, B, நடுவில் உள்ள ஒன்று என மூன்று அட்டைகளோடு போய்விடுங்கள். "இரண்டும் பிடிக்கல" என்று வந்தால், நிறம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்: இன்னும் மஞ்சளாகவா, இன்னும் சாம்பலாகவா, இன்னும் வெளிறியா? அவருக்குப் பிடித்த ஒரு துணியோ பொருளோ இருந்தால் நீங்கள் போகும்போது எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதன் புகைப்படம் வேண்டாம், பொருளே வேண்டும். ஷேட் கார்டை அதன் மேலேயே வைத்துப் பார்க்கலாம்.

அவர் அட்டையைப் பார்த்துச் சம்மதித்ததும் இன்னொரு மெயில் போக வேண்டும், நான்கு வரியில். ஷேட் எண், ஃபினிஷ், எந்தெந்தச் சுவர், கூரையின் வெள்ளை எது, விளக்குகளின் கெல்வின், அட்டை பார்த்த தேதி. அதற்கு "சரி" என்று அவர் பதில் போட்ட பிறகு பெயிண்டை ஆர்டர் செய்யுங்கள். அந்த அட்டையின் பின்பக்கத்தில் ஷேட் எண்ணை எழுதி அவர் வீட்டிலேயே விட்டுவாருங்கள். முதல் டப்பாவைத் திறக்கும் நாளில் பெயிண்டர் ஒரு கோட் அடித்துக் காய்ந்ததும், அதைச் சுவரோடு வைத்துப் பார்ப்பார்.